கேழ்வரகு உர ஏட்டை எளிய தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் இருந்துகொண்டு ஆனேக்கல், ஓசூர், கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்காக வேளாண் விரிவாக்க ஏடுகளை எளிமைப்படுத்துகிறவர்கள் மொழியில் அதிகம் தவறுவதில்லை. கணக்கில்தான் தவறுகிறார்கள். சொல் எளிமையாக, வாசிக்க நன்றாக இருக்கும். உரம் மட்டும் கூடியோ குறைந்தோ போயிருக்கும்.

தமிழ்நாட்டில் இறவைக் கேழ்வரகுக்கு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 60:30:30 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. கர்நாடக ஏட்டில் அளவு வேறாக இருக்கும். அதனால் எந்த மாநிலத்து ஏடு என்பதைத் துண்டறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மண் பரிசோதனை அட்டை வைத்திருப்பவர் அதில் உள்ள அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

அந்த 60 என்பது தழைச்சத்து, யூரியா அல்ல. "60 கிலோ யூரியா போடவும்" என்று எழுதினால் பயிருக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் மட்டுமே. விவசாயி கடையில் சத்தைக் கேட்டு வாங்குவதில்லை, மூட்டையைத்தான் வாங்குகிறார். எனவே சத்தை உரமாக மாற்றிக் கொடுப்பது எழுதுகிறவரின் வேலை.

ஏக்கருக்கு மாற்ற 2.47 ஆல் வகுக்க வேண்டும். இரண்டரை என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் முதல் படியிலேயே முழுமையாக்கினால் பிழை அடுத்தடுத்த படிகளுக்கும் போகும். முழுமையாக்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் ஏக்கருக்குத் தழைச்சத்து 24.3 கிலோ, மணிச்சத்து 12.15, சாம்பல் சத்து 12.15 வரும். சாம்பல் சத்துக்கு 60 சதவீத பொட்டாஷ் 20.2 கிலோ போதும்.

பலர் சறுக்குவது டிஏபியில். மணிச்சத்துக்கு டிஏபி போட்டால் 46 சதவீதக் கணக்கில் 26.4 கிலோ வேண்டும். அதே டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது, 26.4 கிலோவில் அது 4.75 கிலோ. அடியுரத்துக்கான பாதித் தழைச்சத்து 12.15 கிலோவில் இதைக் கழித்தால் மீதி 7.4. அதற்கு யூரியா 16.1 கிலோதான். கழிக்க மறந்தால் 26.4 கிலோ என்று எழுதிவிடுவோம், ஏக்கருக்குப் பத்து கிலோவுக்கு மேல் கூடுதல். தழைச்சத்து மிஞ்சினால் கேழ்வரகு கரும்பச்சையாகக் கொழுத்து வளர்ந்து சாயும், குலை நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். டிஏபி கிடைக்காதவருக்கு 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் 76 கிலோ. அதில் தழைச்சத்து இல்லை, எனவே அவருக்கு அடியுர யூரியா 26.4 கிலோவேதான். இந்த இரண்டு வழியையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் "அல்லது" போட்டு எழுதினால், இதிலிருந்து பாதி, அதிலிருந்து பாதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

"ஒரு மூட்டை யூரியா" என்றும் எழுதாதீர்கள். இப்போது யூரியா மூட்டை 45 கிலோ. பழைய 50 கிலோ மூட்டை நினைவில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிஏபி மூட்டை 50 கிலோதான். கிலோவையே எழுதுங்கள்.

நில அளவிலும் கவனம் வேண்டும். ஆனேக்கல்காரர் குண்டேயில் பேசுவார், ஓசூர்க்காரர் சென்ட்டில் பேசுவார். ஏக்கருக்கு 40 குண்டே, 100 சென்ட். மீதிப் பாதித் தழைச்சத்தை இரண்டு மேலுரமாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஏக்கருக்கு யூரியா 13.2 கிலோ என்றால், குண்டேக்கு 330 கிராம், சென்ட்டுக்கு 132 கிராம். இரண்டையும் எழுதினால் குழப்பம் வராது.

அடுத்தது நாள் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஏட்டில் "நடவு செய்த 20, 40ஆம் நாளில் மீதித் தழைச்சத்தை இரண்டாகப் பிரித்து இடவும்" என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எளிமையாக்கும்போது "20ஆம் நாள் மேலுரம்" என்று சுருக்கிவிட்டால், நாற்று விட்ட நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. ஜூலை 5 நாற்று விட்டு ஜூலை 25 நட்டவருக்கு அந்தக் கணக்கில் முதல் மேலுரம் நடவு நாளன்றே வந்துவிடும். அடியுரத்தோடு மேலுரமும் ஒரே நாளில் விழும். வேர் பிடிக்காத நாற்று அதை எடுத்துக்கொள்ளாது, சத்து தண்ணீரோடு போகும். "நடவு நாளிலிருந்து" என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். கூடவே ஒரு தேதியும் காட்டுங்கள்: ஜூலை 25 நட்டால் முதல் மேலுரம் ஆகஸ்ட் 14, இரண்டாவது செப்டம்பர் 3. "மூன்று வாரம் கழித்து", "களையெடுக்கும்போது" போன்றவை ஏட்டில் இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஏட்டில் மண்ணில் ஈரம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதை விட்டுவிடவும் கூடாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு விவசாயியிடம் தாளைக் கொடுத்து, "உங்கள் 30 குண்டேக்கு முதல் மேலுரம் எவ்வளவு, எந்தத் தேதி?" என்று கேளுங்கள். அவர் 9.9 கிலோ என்றும், தன் நடவு நாளிலிருந்து எண்ணிய தேதியையும் சொல்ல வேண்டும். 13.2 என்று சொன்னால், குண்டேக் கணக்கு அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள்.