நாலு பார் மட்டும் கையில் இருந்தால், அது எந்த இசை என்று கண்டுபிடிப்பது எப்படி?

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் கட்டாக வாங்கும் பியானோ புத்தகங்களுக்குள் சில நேரம் கிழிந்த இசைத்தாள் ஒன்று செருகியிருக்கும். தலைப்பு இருக்காது, யார் எழுதியது என்றும் இருக்காது, நெடுக்குக் கோடுகளுக்கு இடையே வரும் நாலைந்து பார் மட்டும் மிச்சம். அதை வைத்தே இசையின் பெயரைப் பிடித்துவிடலாம், பியானோ வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

முதலில் தாளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்ட இசையில் பெரும்பாலும் பக்கத்தின் கீழே நடுவில் சின்னதாக ஓர் எண் இருக்கும், சிலதில் கூடவே ஓரிரு எழுத்தும். அது பக்க எண் இல்லை, பதிப்பகத்தின் தகட்டு எண். ஒரே இசையின் எல்லாப் பக்கத்திலும் அதே எண்தான் வரும். பழைய இசைத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் IMSLP தளத்தில் பல பதிப்பகங்களுக்கு இந்த எண்களின் பட்டியல் உண்டு, அதில் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

எண் கிழிந்து போயிருந்தால் சுரத்துக்கு வரலாம். என் உதாரணத் தாளில் இரண்டு வரிசை, மேலே ட்ரெபிள் கிளெஃப் குறி, பக்கத்தில் # போல ஒரு ஷார்ப், அப்புறம் பாருக்கு மூன்று எண்ணிக்கை என்று சொல்லும் 3/4. மேல் வரிசையை மட்டும் எடுங்கள், மெட்டு அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து கோடுகளின் பெயர் கீழிருந்து மேலே ஈ, ஜி, பி, டி, எஃப். இடைவெளிகள் எஃப், ஏ, சி, ஈ. விரல் வைத்துப் படித்தால் இப்படி வருகிறது: டி, ஜி ஏ பி சி | டி, ஜி, ஜி | ஈ, சி டி ஈ எஃப்-ஷார்ப் | ஜி, ஜி, ஜி.

ஒரு ஷார்ப் என்றால் ஜி மேஜர் அல்லது ஈ மைனர். நாலாவது பார் முழுக்க ஜியிலேயே வந்து நிற்கிறது, அதனால் ஜியை ச என்று வையுங்கள். இப்போது அதே வரி:

ப ச ரி க ம | ப ச ச | த ம ப த நி | ச ச ச

கர்னாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது சங்கராபரண சுரவரிசை என்று உடனே தெரியும், பாடியும் பார்த்துவிடலாம். சுருதி மாற்றி அச்சிட்டிருந்தாலும் இந்த வரி மாறாது. 1948இல் பார்லோவும் மார்கன்ஸ்டெர்னும் தொகுத்த இசைக்கரு அகராதியின் அட்டவணையும் இப்படித்தான், எல்லா மெட்டையும் சி சுருதிக்கு மாற்றி எழுத்து வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

சுரம் சரியாகப் படித்தோமா என்ற சந்தேகம் இருந்தால் இன்னும் எளிய வழி, ஏற்ற இறக்கம் மட்டும். முதல் சுரத்துக்கு *, அடுத்தது ஏறினால் U, இறங்கினால் D, அதேதான் என்றால் R. நம் நாலு பாருக்கு இதை எழுதும்போது ஜி இரண்டு இடத்தில் அச்சாகியிருப்பதைக் கவனியுங்கள், நாலாவது பாரில் முதல் ஜி மேலே, மற்ற இரண்டும் ஒரு ஸ்தாயி கீழே.

```
*DUUUUDRUDUUUUDR
```

இதை musipedia.org தளத்தின் melodic contour தேடலில் போடுங்கள். ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வளைகோட்டால் சேர்த்த ஒரே சுரம் இரண்டு முறை அச்சாகியிருந்தாலும் அது ஒன்றுதான், R போடக்கூடாது. பொடியாக அச்சிட்ட அலங்காரச் சுரங்களையும் விட்டுவிடுங்கள். எழுத்து குறைவாக இருந்தால் சம்பந்தமில்லாத மெட்டெல்லாம் வந்து குவியும், பத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

நம் வரிக்குப் பொருந்துவது ஜி மேஜர் மினுவெட், பாக் படைப்புகளின் பட்டியலில் அதன் எண் BWV Anh. 114. எழுதியவர் பெயரில்தான் ஒரு சிக்கல் வரும். ஓரிடத்தில் பாக் என்றிருக்கும், இன்னோரிடத்தில் கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்றிருக்கும். இரண்டும் ஒரே இசைதான். பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் ரொம்ப காலம் பாக் எழுதியதாகவே அச்சிட்டார்கள், 1970களில்தான் பெட்சோல்டுடையது என்று தெரிந்தது. அதனால் உங்கள் தாள் பழைய பதிப்பாக இருந்தால் பாக் பெயரிலும் தேடுங்கள்.

பெயர் கிடைத்ததும் நம்பிவிடாதீர்கள். முழு இசைத்தாளை IMSLPயிலோ ஒரு நூலகத்திலோ எடுத்துத் தாளக்கணக்கை ஒப்பிடுங்கள்: முதல் பாரில் ஒரு முழு எண்ணிக்கை, பிறகு நாலு அரை எண்ணிக்கை, மொத்தம் மூன்று. அப்புறம் கீழ் வரிசை. மெட்டு பொருந்தி இடது கை பொருந்தாவிட்டால் அது வேறு யாரோ எளிமைப்படுத்திய பதிப்பாக இருக்கலாம், அல்லது வேறு இசையாகவே இருக்கலாம்.

எதுவுமே சிக்கவில்லையா? இந்த மாதிரித் தேடல்களில் பெரும்பாலும் ஓர் இசையின் தொடக்கமும் முக்கிய மெட்டுகளும்தான் இருக்கும். உங்கள் தாளில் வரிசைத் தொடக்கத்தில் 57, 61 என்று பார் எண் அச்சாகியிருந்தால் கையில் இருப்பது நடுப்பகுதி. அப்போது அந்தத் துண்டில் பாடக்கூடியதாகத் தெரியும் இடத்திலிருந்து, அது இடது கையில் இருந்தாலும் சரி, புதிதாக ஒரு * போட்டு எழுதிப் பாருங்கள்.