மாங்கூழ் ஆலையின் பணம் ஜூலையில் எங்கே நிற்கிறது?

காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் மே மாதம் பிறந்தால் மாம்பழ லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். கூழ் ஆலை நடத்துபவர் ஒரு வருடத்துக்கான பழத்தை இரண்டு, மூன்று மாதத்துக்குள் வாங்கி அரைத்தாக வேண்டும். விற்பனையோ அடுத்த ஜனவரி, மார்ச் வரை இழுக்கும். பழம் உள்ளே வந்த நாளிலிருந்து கூழ் விற்ற பணம் கைக்கு வரும் நாள் வரை உள்ள இந்த நீளத்தைத்தான் செயல்பாட்டுச் சுழற்சி என்கிறோம். கிருஷ்ணகிரியில் நல்ல லாபம் தரும் ஆலைகள்கூடப் பணமில்லாமல் திணறுவது இந்த நீளத்தைத் தவறாக அளப்பதால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 டன் பெங்களூரா பழம், கிலோ 20 ரூபாய் என்றால் 2 கோடி. ஏறக்குறைய 500 டன் கூழ் கிடைக்கும். கூலி, எரிபொருள், டிரம், பை எல்லாம் சேர்ந்து இன்னொரு 75 லட்சம். ஆக அடக்கம் 2.75 கோடி, கிலோவுக்கு 55 ரூபாய். 66 ரூபாய்க்கு விற்றால் ஆண்டு விற்பனை 3.30 கோடி.

முதல் தவறு, மூலதனத் தேவையை ஆண்டு சராசரியில் பார்ப்பது. சிறு தொழில்களுக்கு விற்பனையில் 20 சதவீதத்தைக் கடன் வரம்பாக எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதன்படி கிடைப்பது 66 லட்சம். மாதாமாதம் வாங்கி மாதாமாதம் விற்கும் தொழிலுக்கு அது சரி. இங்கே ஜூலை கடைசியில் 2.75 கோடியும் டிரம்மாக நிற்கிறது. மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பை வைத்துப் பேசினாலும் இதே கோளாறுதான். அன்று கிடங்கு ஏறக்குறைய காலி, கணக்கு அழகாகத் தெரியும். அதனால் வங்கியில் மாதவாரியான பணவரத்துக் கணக்கைக் கொடுத்து, சீசனுக்கு ஒரு வரம்பும் சீசன் இல்லாத மாதங்களுக்கு ஒரு வரம்பும் கேட்க வேண்டும்.

அப்படி வாங்கினாலும் முழுத் தொகையும் வங்கி தராது. சரக்கின் மேல் 25 சதவீத மார்ஜின் என்றால் 2.75 கோடியில் சுமார் 69 லட்சம் நம் கைப்பணம். பிப்ரவரியில் கையில் காசு புழங்குகிறதே என்று அந்தப் பணத்தில் புது மெஷின் வாங்கிவிட்டு ஜூனில் தவிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மெஷினுக்குத் தவணைக் கடன் வாங்குங்கள்; இந்த 69 லட்சத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது, விவசாயிக்கும் மண்டிக்கும் தர வேண்டிய பணத்தை இழுத்தடிப்பது. வட்டியில்லாக் கடன் என்று நினைக்கிறார்கள். 2 கோடியை 60 நாள் தள்ளினால், 11 சதவீத வட்டியில் மிச்சம் சுமார் 3.6 லட்சம். 'அந்த ஆலை பணம் தர லேட் பண்ணும்' என்ற பேச்சு பரவி, அடுத்த வருடம் கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் போவது 10 லட்சம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும் வங்கி, பணம் கொடுக்காத சரக்கைக் கழித்துவிட்டுத்தான் டிராயிங் பவரை, அதாவது நாம் எடுக்கக்கூடிய கடன் தொகையைப் போடும். 2.75 கோடி சரக்கில் 2 கோடி பாக்கி என்றால் மிஞ்சும் 75 லட்சத்துக்கு மார்ஜின் போக 56 லட்சம்தான் எடுக்கலாம். பாக்கியும் நின்று, வங்கிப் பணமும் கைக்கு வராது.

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதில்தான் லாபமும் கைப்பணமும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் 62 ரூபாய்க்குக் கேட்கிறார், 30 நாளில் பணம். ஜனவரி நடுவில் 66 ரூபாய் வரலாம், ஆனால் 75 நாள் கடன். ஆகஸ்ட் கடைசியில் வரவேண்டிய பணம் மார்ச் கடைசியில் வருகிறது. ஏழு மாத இடைவெளி. 55 ரூபாய் அடக்கத்துக்கு மாத வட்டி சுமார் 50 காசு, அதாவது ஏழு மாதத்துக்கு மூன்றரை ரூபாய். கிடங்கு வாடகையும் காப்பீடும் மாதம் 25 காசு என்று வைத்தால் ஐந்தரை மாதத்துக்கு ஏறக்குறைய 1.40 ரூபாய். மொத்தச் செலவு 4.90, கூடுதல் விலை 4. புத்தகத்தில் விலை ஏறியது போலத் தெரிந்தாலும் கிலோவுக்கு 90 காசு நஷ்டம். ஜனவரியில் 67 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. நாள் ஆக ஆகக் கூழின் நிறம் மங்குவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஆகஸ்டிலேயே தள்ளிவிடச் சொல்லவில்லை. நான் பாதியை விற்கச் சொல்வேன். 250 டன்னுக்கு 1.55 கோடி வந்துவிட்டால் சி.சி. எனும் வங்கிக் கடன் கணக்கின் பாரம் பாதிக்கு மேல் இறங்கும். மீதியை நெருக்கடியில்லாமல் பேரம் பேசலாம். அப்புறம் அந்த மீதியை விற்கும்போது கடன் நாளைக் கறாராகப் பேசுங்கள். 90 நாளைத் தாண்டிய வசூல் பாக்கியைப் பல வங்கிகள் டிராயிங் பவரில் சேர்ப்பதில்லை. ஜனவரி 15 பில்லுக்கு 75 நாள் என்று சொன்னவர் இன்னும் 15 நாள் இழுத்தால் ஏப்ரல் நடுவாகிவிடும். அடுத்த சீசன் பழத்துக்கு முன்பணம் கேட்டு ஏஜென்ட் வாசலில் நிற்கும் நேரம் அது.