மாடு பாடுமா?

திருப்பிப் படித்தாலும் மாறாத வாக்கியம் வேண்டுமா? கடைசி எழுத்திலிருந்து தொடங்குங்கள். ‘மா’ என்று முடியும் கேள்விக்கு ‘மா’வில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள். ‘மாடு’ கிடைத்தால் முடிவு தானாகவே ‘டுமா’. மிச்சம் நடுவில் ஓர் எழுத்துதான். சிராவயல் மஞ்சுவிரட்டில் ‘மாடு ஓடுமா?’ என்று கேட்கலாம். ஓ-வை எடுத்துவிட்டு பா, தே போட்டால் பாடும், தேடும். காரைக்குடிக் கல்யாணப் பந்தியில் இலையைப் பார்த்தபடி ‘மோரு வருமோ?’ என்றால் பரிமாறுபவரும் சிரித்துவிடுவார்.

தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்து என்பதால்தான் இது இவ்வளவு சுலபம். ஆனால் ‘மோர்’ என்று எழுதினால் உடைந்துவிடும், பேச்சு வழக்கு ‘மோரு’தான் வேண்டும். ‘மாடோடுமா’ என்று புணர்த்தினாலும் போச்சு. ‘மாட்டு’ மாதிரி ஒற்று இரட்டிக்கும் சொல்லும் ஆகாது, திருப்பினால் ‘டுட்மா’.