ஒரே வீட்டை மூன்று பாகமாக்கும் பத்திரம்: நான்கெல்லை எழுதும் முறை

அம்பாசமுத்திரம் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருவில் இருந்து பின்னால் வாய்க்கால் வரை நீளும் வீடு. தென்வடல் 24 அடி, கீழ்மேல் 90 அடி, மொத்தம் 2160 சதுர அடி. தெரு மேற்கே. அப்பா, அம்மா இல்லை, வாரிசு அண்ணன் தம்பி மூவர் மட்டும். கூடப்பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒன்று அவர்களும் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லை முன்னதாகவே விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

முதலில் டேப் பிடித்து அளந்து வரைபடம் போடுங்கள். 24 அடியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஆளுக்கு 8 அடிதான் வரும், கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. அதனால் குறுக்கே பிரிப்போம். தென்சுவர் ஓரமாக 4 அடி அகலத்தில் ஒரு முடுக்கு, தெருவில் இருந்து 60 அடி தூரம், பொதுப் பாதை. மூத்தவருக்குத் தார்சாவும் பட்டாசலும் சேர்ந்த முன்பகுதி, 20க்கு 30. நடுவுள்ளவருக்கு அடுத்த 20க்கு 30. இளையவருக்குப் பின்பகுதி முழு அகலம், 24க்கு 30. கூட்டிப் பாருங்கள்: 600, 600, 720, பாதை 240. 2160 வந்துவிட்டது. தெருமுகம் இல்லாத இளையவருக்கு 120 சதுர அடி கூடுதல். அதுவும் போதாது என்று பேசி மூத்தவர் ரொக்கம் கொடுத்தால், தொகையையும் பெற்றுக்கொண்டதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் நான்கெல்லை. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். பத்திர நடையில் ‘தெருவுக்குக் கிழக்கு’ என்றால் தெரு நமக்கு மேற்கே இருக்கிறது என்று அர்த்தம். மூத்தவர் பாகம் இப்படி வரும்: தெருவுக்குக் கிழக்கு, நடுவுள்ளவர் பாகத்துக்கு மேற்கு, வடபக்கத்து வீட்டுக்குத் தெற்கு, பொதுப் பாதைக்கு வடக்கு.

இளையவர் பாகத்தை ‘நடுவுள்ளவர் பாகத்துக்குக் கிழக்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருடைய மேல்பக்கம் 20 அடிக்கு நடுவுள்ளவர் பாகம், மீதி 4 அடிக்கு பாதையின் முடிவு. ‘நடுவுள்ளவர் பாகத்துக்கும் பொதுப் பாதைக்கும் கிழக்கு’ என்று இருந்தால்தான் அவர் வாசல் பாதையில் திறக்கிறது என்பது காகிதத்தில் நிற்கும். பாதையைத் தனித் தபசிலாகவும், அதாவது தனிச் சொத்து விவரமாகவும் போட்டு, மூவரும் நடக்கவும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கொண்டுபோகவும் உரிமை உண்டு, யாரும் அடைக்கக் கூடாது என்று எழுதுங்கள்.

சுவரை விட்டுவிடாதீர்கள். பழைய சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். இரண்டு பாகத்துக்கும் நடுவே அது பொதுச்சுவர், அளவு அதன் மையத்தில் இருந்து என்று சொல்லிவிட்டால் நாளைக்கு இடித்துக் கட்டும்போது சண்டை இல்லை.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி: மூத்தவர் கிழக்கே யாரைக் காட்டுகிறாரோ, அவர் மேற்கே மூத்தவரைக் காட்ட வேண்டும். எல்லா எல்லைக்கும் இப்படி ஜோடி பொருந்த வேண்டும்.

சரி, இனி வரைபடத்திலும் மூவரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைத்து, எழுதிய 4 மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுங்கள். மூலப்பத்திரம் யாரிடம் இருக்கும், மற்றவர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி. பதிவு முடிந்ததும் பட்டா உட்பிரிவுக்கும் வீட்டுவரிப் பெயர் மாற்றத்துக்கும் அவரவர் தனித்தனியே விண்ணப்பிக்கலாம்.