ஸ்கேனில் தப்பாக ஏறிய மதிப்பெண்: கல்லூரி அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதும் முறை

பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை ஸ்கேன் செய்து மென்பொருளால் படித்தெடுத்த விவரங்களை, சரிபார்க்கச் சொல்லி அலுவலகத்தில் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தப்பு இருந்தால் ‘என் மார்க் தவறு’ என்று எழுதாதீர்கள். எந்தக் கட்டம், அதில் என்ன ஏறியிருக்கிறது, அசலில் என்ன இருக்கிறது: இந்த மூன்றும் இருந்தால்தான் எழுத்தர் திருத்த முடியும்.

முதலில் அசலையும் அச்சையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் கூட்டுங்கள். 600-க்கான மொத்தம் பொருந்துகிறதே என்று விட்டுவிடக் கூடாது. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 58, செய்முறை 20, அக மதிப்பீடு 10, ஆக 88. மென்பொருள் 58-ஐ 53 என்று படித்து, 88-ஐச் சரியாகவே எடுத்திருந்தால் மொத்தம் மாறாது. அந்த வரியைக் கூட்டினால்தான் 83 வந்து காட்டிக்கொடுக்கும். மங்கிய நகலில் 8-ன் இடப்பக்கக் கோடு அழிந்து 3 ஆவதுதான் காரணம். லேமினேட் செய்த தாளின் பளபளப்பும் இப்படித்தான் இலக்கத்தைத் தின்னும்.

பிறந்த தேதியில் தனிக் கவனம் வேண்டும். 04/11/2006 என்பது 11/04/2006 ஆகிவிட்டால் கணினி மறுக்காது, இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள். அதனால் கடிதத்தில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: பெயர், வகுப்பு, சேர்க்கை எண், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 600 021

பெறுநர்: முதல்வர் அவர்கள் (பார்வைக்கு: அலுவலகக் கண்காணிப்பாளர்)

பொருள்: பிளஸ் டூ மதிப்பெண் பதிவில் 2 கட்டங்களைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மதிப்பெண் சான்றிதழிலிருந்து எடுக்கப்பட்ட விவரங்களில் கீழ்க்கண்ட இரண்டு மட்டும் அசலோடு பொருந்தவில்லை.

1. இயற்பியல், எழுத்துத் தேர்வு: பதிவில் 53, அசலில் 58. வரியின் மொத்தம் 88 சரியாகவே உள்ளது, அதை மாற்ற வேண்டாம்.
2. பிறந்த தேதி: பதிவில் 11/04/2006, அசலில் 2006 நவம்பர் 4.

மற்ற கட்டங்களைச் சரிபார்த்துவிட்டேன். நகலை இணைத்துள்ளேன், அசலை நேரில் காட்டுகிறேன். திருத்திய பதிவின் அச்சு ஒன்று தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, கையொப்பம், தேதி

‘மாற்ற வேண்டாம்’ என்ற சொல் அவசியம். அது இல்லாவிட்டால், கூட்டல் உதைக்கிறது என்று பார்த்து 88-ஐ 83 ஆக்கிவிட வாய்ப்பு உண்டு. அப்போது உங்கள் மொத்தத்திலும் 5 குறையும்.

இணைக்கும் நகலை எம்.சி. ரோடு பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் புதிதாக எடுத்து, அந்த இரண்டு இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அசலில் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழிலேயே தேதியோ இனிஷியலோ தப்பாக அச்சாகியிருந்தால் இந்தக் கடிதம் உதவாது. அதைக் கல்லூரி திருத்த முடியாது. படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.