ரவுட்டரை ஆஃப் செய்து போட்டால் நெட் வருகிறது, மறுபடியும் போகிறது: கோளாறு எங்கே?

ரவுட்டரை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யும்போது நான்கு வேலைகள் ஒன்றாக நடந்துவிடுகின்றன. நினைவகம் காலியாகிறது, நெட் கம்பெனியோடு புதிதாக லாகின் ஆகிறது, வைஃபை சேனலைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது, பெட்டி கொஞ்சம் ஆறுகிறது. நான்கில் எது நெட்டைத் திரும்பக் கொண்டுவந்தது என்று நமக்குத் தெரிவதில்லை. அதனால் அடுத்த முறை நெட் நின்றதும் சுவிட்சுக்குக் கை போக வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுத்து, கீழே உள்ளபடி பாருங்கள்.

முதலில், நெட் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் சன்னல்கள் இரண்டு திறந்து, சன்னலுக்கொன்றாக இந்த வரிகளைக் கொடுத்து ஓடவிடுங்கள். முடிந்தால் வைஃபையில் அல்லாமல் லேன் கேபிளில் இணைத்துச் செய்யுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரவுட்டரின் முகவரி, உங்களுடையது 192.168.0.1 ஆகவும் இருக்கலாம், `ipconfig` கொடுத்தால் Default Gateway என்ற வரியில் தெரியும். இரண்டாவது வெளியுலகம்.

நெட் நின்றதும் பார்க்க வேண்டியது

இரண்டும் ஓடுகின்றன, ஆனால் போனில் மட்டும் நெட் இல்லை என்றால் கோளாறு வைஃபையில். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அதே சேனலில் நெருக்கியடிக்கும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்தபோது ரவுட்டர் காலியான சேனலுக்கு மாறியிருக்கும், பிறகு அங்கும் கூட்டம் சேர்ந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றை நிரந்தரமாக வைத்துப் பாருங்கள். முதலாவது ஓடி இரண்டாவது நின்றிருந்தால் லைன் அல்லது லாகின் பக்கம் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. ரீஸ்டார்ட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை, புகார் கொடுத்துவிடுங்கள்.

விசித்திரமானது மூன்றாவது நிலை. இரண்டு பிங்கும் கேபிளில் நிற்காமல் ஓடுகின்றன, ஆனால் அதே கம்ப்யூட்டரில் புதிதாக எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அப்போது இதைக் கொடுங்கள்:

```
nslookup google.com 8.8.8.8
```

பதில் வந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ரவுட்டரின் டிஎன்எஸ் சேவை மட்டும் மயங்கிக் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 என்று நேரடியாகக் கொடுத்தால் போதும். இதற்கும் பதில் இல்லையென்றால் இணைப்புப் பட்டியல் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியல் நிரம்புவது என்றால்

வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ரவுட்டர் தன் பட்டியலில் ஒரு வரி எழுதி வைக்கிறது; வரும் பதிலை எந்தப் போனுக்கு அனுப்புவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு. 4096 வரிகளோடு முடியும் ஒரு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு ரீஸ்டார்ட், பட்டியல் காலி. ஒரு கம்ப்யூட்டரில் டோரன்ட் ஓடுகிறது. அது நூற்றுக்கணக்கான ஆட்களோடு பேசி விட்டுவிட்டுப் போகிறது. எதிராளி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டால் அந்த வரி உடனே அழியாது. பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸில் நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கான இயல்புக் கெடு 432000 விநாடி, அதாவது 5 நாள். பல ரவுட்டர்களில் இதைக் குறைத்து வைத்திருப்பார்கள். குறைக்காதவற்றில் செத்த வரிகள் குவிகின்றன. இரவு எல்லோரும் வீடு வந்து போனை எடுக்கும்போது புதிய வரிக்கு இடமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பிங்குக்கு ஏற்கெனவே வரி இருப்பதால் அது மட்டும் ஓடுகிறது. சில ரவுட்டர்களில் அட்மின் பக்கம்கூடத் திறக்காது.

ஓபன்டபிள்யுஆர்டி என்ற மாற்று மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால், ssh வழியே ரவுட்டருக்குள் நுழைந்து நேராகவே பார்த்துவிடலாம்:

```
cat /proc/sys/net/netfilter/nf_conntrack_count
cat /proc/sys/net/netfilter/nf_conntrack_max
```

முதல் எண் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம். மற்ற ரவுட்டர்களில் டோரன்ட்டின் அமைப்பில் மொத்த இணைப்புகளை 100 என்று கட்டிவைத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். நெட் நிற்கவில்லையென்றால் காரணம் அதுதான்.

சூடா, சாஃப்ட்வேரா?

முதல் பிங்கும் நின்று, ரவுட்டரே பதில் தராமல் உறைந்துபோகிறது என்றால் அட்மின் பக்கத்திலிருந்து ரீபூட் கொடுக்க முடியாது. சுவிட்சைத்தான் அணைக்க வேண்டும். அணைத்துப் பத்து விநாடியில் போடுங்கள். மணிக்கணக்கில் நன்றாக ஓடினால் நினைவகத்தில் ஏதோ சேர்ந்திருந்தது; ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். சில நிமிடங்களிலேயே மறுபடி உறைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டால்தான் ஓடுகிறது என்றால் சூடு அல்லது அடாப்டர். பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பழைய அடாப்டரில் கெபாசிட்டர் வலுவிழந்தால், வைஃபை அதிக மின்சாரம் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் உறையும். புதியதில் வோல்டேஜும் பின்னின் பிளஸ் மைனஸ் அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும். பழையதில் 12V 1A என்று இருந்தால் 12V 1.5A போடலாம், 12V 0.5A போடக்கூடாது.