விடுப்பு முடிந்து வருபவருக்கு மீட்டிங் சுருக்கம் எழுதும்போது டீம் லீட்கள் செய்யும் தவறுகள்

டீமில் ஒருவர் மூன்று வாரம் விடுப்பில் போகிறார், அதற்குள் ஆறு மீட்டிங் நடந்து முடிகிறது, எல்லாமே ரெக்கார்டிங்காக இருக்கிறது. அவர் திரும்பும் நாளில் டீம் லீட் ஒரு மெயில் தட்டுகிறார்: "ஆறு ரெக்கார்டிங் லிங்கும் கீழே இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்." இதைச் சுருக்கம் என்று சொல்லவே முடியாது. ஆறு மீட்டிங் என்றால் ஐந்தாறு மணி நேர வீடியோ, வந்த முதல் நாளே அதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆனால் நான் சொல்ல வருவது இந்த சோம்பேறி மெயிலைப் பற்றி அல்ல. அக்கறையோடு, மெனக்கெட்டு எழுதும் கடிதத்திலும் ஒரு பெரிய தவறு இருக்கும்.

மீட்டிங் நடந்த வரிசையிலேயே எழுதுவதுதான் அது. முதல் மீட்டிங்கில் இது, இரண்டாவதில் அது என்று தேதி போட்டு எழுதினால் எழுதுகிறவருக்குச் சுலபம். படிப்பவர் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் மூன்று வாரத்தில் முடிவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டே போயிருக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பழைய சிஸ்டத்தில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை, அதற்கான ஸ்கிரிப்டை எழுதியவர்தான் விடுப்பில் போனவர். முதல் மீட்டிங்கில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் 14ஆம் தேதி மாற்றிவிடலாம் என்றார்கள். இரண்டாவதில், ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார் என்று டெஸ்டிங் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். மூன்றாவதில் வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். நான்காவதில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில், நீண்ட நாளாகப் பயன்பாட்டில் இல்லாத கணக்குகளை மாற்றவே வேண்டாம் என்றும் முதல் கட்டம் 28ஆம் தேதி என்றும் முடிவானது. ஆறாவது வழக்கமான வாராந்திர நிலவரம்.

இதை வரிசையாக எழுதினால் அவர் முதல் பத்தியில் "ஒரே தடவையில், 14ஆம் தேதி" என்று படித்ததும் மனதுக்குள் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார். இடையில் போன் வந்தால் மீதியைப் படிக்காமலே பழைய ஸ்கிரிப்டைத் திறந்து உட்காரவும் வாய்ப்பு உண்டு. அதனால் இன்றைய நிலைமையிலிருந்து தொடங்க வேண்டும், இப்படி:

> "இப்போதைய நிலை: விவரங்களை இரண்டு கட்டமாக மாற்றுகிறோம், முதல் கட்டம் 28ஆம் தேதி. பயன்பாட்டில் இல்லாத கணக்குகள் இதில் வராது. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றும் பகுதி இனி தேவைப்படாது, ஆனால் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்கும் பகுதி அப்படியே வேண்டும். ஏன் பிரித்தோம் என்பது மூன்றாவது ரெக்கார்டிங்கில் 22:10 முதல் 31:40 வரை. கணக்குகளை விட்ட காரணம் ஐந்தாவதில் 04:00 முதல் 16:00 வரை. மற்ற நான்கையும் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை."

அந்தக் கடைசி வரியை எழுதப் பலருக்கும் தயக்கம், எதையாவது விட்டுவிட்டால் நம் தலையில் விழுமே என்று. ஆனால் அதுதான் அவருக்கு மிச்சமாகும் நேரம்: ஐந்தாறு மணி நேரம் பார்க்க வேண்டிய இடத்தில் இப்போது 22 நிமிடம் போதும். தொடக்க நேரத்தை மட்டும் கொடுத்து முடியும் நேரத்தை விட்டுவிட்டால், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழுவதையும் ஓட விடுவார், அதனால் இரண்டையும் கொடுங்கள்.

அடுத்த தவறு, பேசியதையும் முடிவானதையும் ஒரே தொனியில் எழுதுவது. "இரண்டாம் கட்டத்தை அடுத்த மாதம் வைக்கலாம் என்று பேசப்பட்டது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? யாரோ ஒருவர் போகிற போக்கில் சொன்னதா, எல்லோரும் ஒப்புக்கொண்டதா? முடிவாகவில்லை என்றால் "இன்னும் முடிவாகவில்லை, டெஸ்டிங் டீமின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று யாரிடம் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தானாக வரும் டிரான்ஸ்கிரிப்டை மட்டும் நம்பி எழுதுவதும் இதே மாதிரி ஆபத்துதான். நாம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசுகிறோம், அதைக் கேட்டு எழுதும்போது அது பெரும்பாலும் பெயரிலும் எண்ணிலும் சறுக்கும். ஃபிஃப்டீன் என்றது ஃபிஃப்டியாக மாறியிருக்கும், "முடியாது" என்பதில் வால் அறுந்து "முடியும்" என்று நிற்கும். முழு ரெக்கார்டிங்கையும் கேட்கத் தேவையில்லை, தேதி, எண்ணிக்கை, மறுப்பு வரும் இடங்களை மட்டும் காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ரெக்கார்டிங்கில் இல்லாதது. பட்டனை அழுத்தியதே ஐந்து நிமிடம் கழித்தாக இருக்கும், நிறுத்திய பிறகு இரண்டு பேர் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். சாட்டில் போட்ட ஃபைல் வீடியோவில் வராது. எங்கள் உதாரணத்தில் 28ஆம் தேதி என்பதே ரெக்கார்டிங் நின்ற பிறகு உறுதியானது என்றால், "இது பதிவில் இல்லை" என்று ஒரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஐந்தாவது வீடியோவில் அந்தத் தேதியைத் தேடித் தேடி, கடைசியில் கடிதத்தையே சந்தேகப்படுவார்.

லிங்க் விஷயம் சின்னதுதான், ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கழுத்தை அறுப்பது அதுதான். உங்களுக்குத் திறக்கிறது என்பதால் அவருக்கும் திறக்கும் என்று நினைக்க வேண்டாம். மீட்டிங் அழைப்பில் அவர் பெயர் இல்லையென்றால் அனுமதி கேட்கும் பக்கத்தில்தான் போய் நிற்பார். கூகுள் மீட் ரெக்கார்டிங் மீட்டிங்கை அமைத்தவரின் டிரைவில் போய் உட்காரும், அனுமதி தர வேண்டியவரும் பெரும்பாலும் அவரே, அவர் அன்றைக்கு ஊரில் இல்லையென்றால் போச்சு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அட்மின் மாற்றி வைக்காவிட்டால் ரெக்கார்டிங் 120 நாளில் காலாவதியாகிவிடும். மூன்று வார விடுப்புக்கு இது கவலையில்லை. பிரசவ விடுப்பு மாதிரி நீண்டதாக இருந்தால், அவர் திரும்பும்போது ஆரம்ப மாதங்களின் வீடியோவே இருக்காது, தேவையானவற்றுக்கு முன்கூட்டியே காலாவதித் தேதியை நீட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று, அவர் இல்லாதபோது அவர் தலையில் கட்டிய வேலை. "இரட்டைப் பதிவு அறிக்கை: நீங்கள், வெள்ளிக்கிழமைக்குள்" என்று பட்டியலில் பார்த்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "ஐந்தாவது மீட்டிங்கில் இதை உங்கள் பெயரில் குறித்தோம், நீங்கள் இல்லாததால் உங்களிடம் கேட்க முடியவில்லை. வெள்ளிக்குள் முடியுமா, இல்லை வேறு ஒருவரிடம் கொடுக்கவா?" என்று கேட்டு எழுதுங்கள். இந்தப் பகுதியை நான் நிலவரத்துக்கு அடுத்தபடியாக, கடிதத்தின் மேலேயே வைப்பேன், ஏனென்றால் பதில் வேண்டியது இதற்கு மட்டும்தான்.

அவர் ஏன் விடுப்பில் போனார் என்பதைக் கடிதத்தில் தொடவே வேண்டாம், முக்கியமாக வேறு யாரையாவது காப்பியில் வைத்திருந்தால். "உடம்பு இப்போது பரவாயில்லையா" என்பதை நேரில் கேட்டுக்கொள்ளலாம். கடிதத்தையும் விடுப்பின் கடைசி நாள் இரவே அனுப்பிவிடாமல், அவர் வேலைக்கு வரும் நாள் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வையுங்கள்.